வாடகை வீட்டுப் பொதுப் பிரிட்ஜ் பழுதானால் வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் திருத்தும் வேலை செய்கிறேன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் நிலாவெளி வீதியின் இரண்டு பக்கமும் உள்ள ஒழுங்கைகளில் வீடு எடுத்து நான்கு பேர், ஐந்து பேராக இருக்கிறார்கள். பிரிட்ஜ் அநேகமாக வீட்டோடு வந்ததுதான். அது நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். பார்த்து முடிந்ததும் போனை நீட்டி, “அண்ணா, வீட்டுக்காரருக்கு இதை எப்படி எழுதுறது?” என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்களும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். எந்த மெசேஜைப் பார்த்தால் உடனே கடைக்குப் போகிறார்கள், எதைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்டவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

பிரிட்ஜ் நிண்டுட்டு. உடனே வீட்டுக்காரருக்கு மெசேஜ் போடவா, இல்லாட்டி முதல்ல ஆளைக் கூப்பிட்டுக் காட்டவா?

இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே மெசேஜில் வேண்டாம். பழுது தெரிந்த அன்றே இரண்டு வரி போடுங்கள்: “அங்கிள், சமையலறைப் பிரிட்ஜ் இன்று காலையிலிருந்து குளிரவில்லை. என்ன பழுது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.” இதில் எதையும் கேட்கவில்லை. ஆனால் என்றைக்குப் பழுதானது, என்றைக்குச் சொன்னீர்கள் என்பது அவருடைய போனிலும் பதிவாகிவிடும். பின்னால் “ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?” என்று கேட்க இடம் இருக்காது. மாற்றித் தரும்படி கேட்பது இரண்டாவது மெசேஜ். அது பழுது என்னவென்று தெரிந்த பிறகு போக வேண்டியது.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே மூன்றைப் பாருங்கள். அதே பிளக்கில் போன் சார்ஜரையோ மின்விசிறியையோ குத்தி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் குளிர் அளவுத் திருகு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்; சட்டி வைக்கும்போது கை பட்டுத் திரும்பிவிடும். மூன்றாவது, கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவுக்கும் பிரிட்ஜின் உடம்புக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தால் குளிர் வெளியே போகிறது. இந்த மூன்றில் ஒன்றென்றால் மாற்றித் தரச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

வாற ஆள் என்ன சொன்னா “மாத்தித்தான் தரவேணும்” எண்டு கேக்கலாம்?

முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. “வேலை செய்யவில்லை” என்பது ஒரு பழுதின் பெயர் அல்ல. வீட்டுக்காரர் உடனே நினைப்பது, “சின்னப் பழுதாக இருக்கும், ஆளை அனுப்பினால் சரி” என்றுதான். பல நேரம் அவர் நினைப்பது சரியாகவும் இருக்கும்.

பின்பக்கம் “டிக்” என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் உறுமல், மறுபடி “டிக்”, பிறகு சில நிமிடம் அமைதி. இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டால் கொம்பிரசர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை. பெரும்பாலும் கொம்பிரசரின் பக்கத்தில் செருகியிருக்கும் ரிலே என்ற சின்னச் சாமான்தான் போயிருக்கும், அது மலிவு. வோல்டேஜ் குறைந்தாலும் இப்படியே நடக்கும். நம் நாட்டில் வர வேண்டியது 230 வோல்ட். பின்னேரம் எல்லா வீட்டிலும் ஏசி போடும் நேரத்தில் மட்டும் இந்தச் சத்தம் வந்தால் பிரிட்ஜைக் குறை சொல்ல முதல் வோல்டேஜை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் தட்டு ஐஸ் பிடிக்கிறது, கீழ்த்தட்டு மட்டும் சூடாக இருக்கிறது என்றால், ஐஸ் கட்டாத வகைப் பிரிட்ஜில், உள்ளே உறைபனியை உருக்கும் ஹீட்டரோ அதற்குரிய சென்சரோ போயிருக்கும், அல்லது மின்விசிறி நின்றிருக்கும். இவையெல்லாம் திருத்தக்கூடியவை. இதற்கெல்லாம் புதுப் பிரிட்ஜ் கேட்டால், அடுத்த முறை உண்மையாகவே தேவைப்படும்போது நம்பமாட்டார்கள்.

மாற்றச் சொல்லிக் கேட்க வலுவான காரணம் என்று நான் சொல்வது பிரிட்ஜின் உடம்புக்குள் இருக்கும் காஸ் கசிவு. கொம்பிரசர் ஓயாமல் ஓடும், ஆனால் ஐஸ் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகப் படியும், மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். வெளியே தெரியும் குழாயில் கசிவு என்றால் ஒட்டலாம். ஆனால் பல மாடல்களில் கதவுச் சட்டத்தைச் சுற்றியும் பக்கச் சுவர்களுக்குள்ளும் மெல்லிய இரும்புக் குழாய் ஓடுகிறது, அதன்மேல் நுரை அடைத்திருக்கும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றின் ஈரம் உள்ளே போய் அந்தக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கிறது. நுரையை உடைக்காமல் அந்த ஓட்டையைப் பார்க்கவும் முடியாது. அதை விட்டுவிட்டுக் காஸ் மட்டும் அடித்தால் சில கிழமையோ சில மாதமோ ஓடி, மறுபடி வெறுமையாகும். ஒரு முறை காஸ் அடித்து, அதே பழுது திரும்பி வந்திருந்தால் உங்கள் கோரிக்கைக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. கொம்பிரசரின் உள்ளே சுற்று எரிந்து, பிரிட்ஜும் பத்து வருடத்துக்கு மேல் பழசு என்றால் அதுவும் மாற்ற வேண்டிய கேஸ்தான். கொம்பிரசரும் காஸும் கூலியும் சேர்த்தால் நல்ல பழைய பிரிட்ஜ் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டிவிடும்.

வந்த ஆளிடம் ஒரு துண்டிலாவது எழுதி வாங்குங்கள்: திகதி, என்ன பார்த்தார், என்ன பழுது, திருத்தினால் எவ்வளவு, திருத்தினால் நிலைக்குமா. நான் கேட்காமலே எழுதிக் கொடுப்பேன். எழுதித் தரத் தயங்குகிற ஆள் சொல்வதை வீட்டுக்காரரும் நம்பமாட்டார்.

சரி, மாத்தித் தரச் சொல்லி எழுதுற மெசேஜ் எப்படி இருக்கவேணும்? ஒண்டு காட்டுங்கோ.

நான் பார்த்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். மேல்மாடி, ஐந்து பிள்ளைகள், ஒரே சமையலறை, இரண்டு கதவுப் பிரிட்ஜ். மார்ச்சில் வீட்டுக்காரரே ஆளை அனுப்பிக் காஸ் அடித்திருந்தார். ஜூனில் மறுபடி குளிர் நின்றது. நான் பார்த்தபோது ஐஸ் பெட்டியின் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் பனி. வெளிக்குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், எங்கும் குமிழி வரவில்லை. கதவுச் சட்டத்தின் கீழ்ப் பகுதியில் பெயின்ட் வீங்கித் துரு வழிந்திருந்தது. பிள்ளைகள் அனுப்பிய மெசேஜ் ஏறக்குறைய இப்படித்தான்:

“வணக்கம் அங்கிள். மேல்வீட்டில் இருக்கும் ஐந்து பேருக்காகவும் எழுதுகிறேன். சமையலறைப் பிரிட்ஜ் ஜூன் 9ஆம் திகதியிலிருந்து குளிரவில்லை. அன்றே உங்களுக்குச் சொல்லியிருந்தோம். நேற்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டினோம். மார்ச்சில் நீங்கள் அடித்துத் தந்த காஸ் மறுபடி போய்விட்டது, கசிவு பிரிட்ஜின் உடம்புக்குள் இருக்கிறது, திரும்பக் காஸ் அடித்தாலும் நிலைக்காது என்று எழுதித் தந்திருக்கிறார். அந்தத் துண்டின் படமும் ஐஸ் பெட்டியின் படமும் கீழே இருக்கின்றன. அதனால் பிரிட்ஜை மாற்றித் தரும்படி கேட்கிறோம். புதிதுதான் வேண்டும் என்றில்லை. ஐந்து பேருக்குக் காணக்கூடிய, நல்லபடி ஓடும் ஒன்று போதும். 20ஆம் திகதிக்குள் முடியுமா என்று சொல்லுங்கள். நீங்கள் வந்து பார்ப்பதானால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு யாராவது வீட்டில் இருப்போம். பார்க்க வந்தவருக்கான கூலியை நாங்கள் கொடுத்துவிட்டோம். நன்றி அங்கிள்.”

இதில் கவனிக்க வேண்டியது, கோரிக்கை நடுவில் வருகிறது, அதற்கு முன்னால் காரணம் வந்துவிட்டது. “மார்ச்சில் நீங்கள் அடித்துத் தந்த காஸ்” என்ற ஐந்து வார்த்தையில் இரண்டு விஷயம் இருக்கிறது: அவர் ஏற்கெனவே தன் கடமையைச் செய்தார் என்ற மரியாதை, அது போதவில்லை என்ற உண்மை. “புதிதுதான் வேண்டும் என்றில்லை” என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். “மாற்றித் தாருங்கள்” என்று மட்டும் வாசிக்கிற வீட்டுக்காரருக்குக் கடை விலைதான் கண்ணுக்கு முன்னால் வரும், பதில் எழுதவே மனம் வராது. திகதி போட்டது மிரட்டுவதற்கு அல்ல. திகதி இல்லாத கோரிக்கையை “பார்ப்போம்” என்று ஒதுக்கி வைப்பது மனித இயல்பு. அந்த வீட்டுக்கு 17ஆம் திகதியே ஒரு பிரிட்ஜ் வந்து இறங்கியது.

படம் எடுக்கும்போது பிரிட்ஜைத் துடைத்து, பழைய சாப்பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு எடுங்கள். அழுகிய மரக்கறியோடு படம் போனால், “இப்படி வைத்திருந்தால் பழுதாகாமல் என்ன செய்யும்?” என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் இலக்கம் உள்ள ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுங்கள்.

அங்கிள் எண்டு கூப்பிடுறதா, ஐயா எண்டு கூப்பிடுறதா?

முகத்துக்கு நேரே எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். வாயால் “அன்ரி” என்று கூப்பிட்டுவிட்டு மெசேஜில் “மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு” என்று தொடங்கினால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைப்பார்கள். முஸ்லிம் வீட்டுக்காரரை நானா, காக்கா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் சலாம் சொல்லித் தொடங்கி அதையே எழுதுங்கள். வயது குறைந்தவராக இருந்தாலும் “நீங்கள்” மாறக்கூடாது.

வொய்ஸ் போட்டா காணாதா? எழுத நேரமெடுக்குது.

முதல் நாள் தகவலுக்கு வொய்ஸ் போதும். கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள். வீட்டுக்காரர் அதை மனைவியிடமோ வெளிநாட்டில் உள்ள மகனிடமோ கடைக்காரரிடமோ காட்ட வேண்டியிருக்கும். எழுத்தென்றால் அப்படியே அனுப்பிவிடலாம். வயதானவர், வாசிக்கச் சிரமம் என்றால் எழுதியும் அனுப்பி, “விபரம் மேலே எழுதியிருக்கிறேன் அங்கிள்” என்று ஒரு வொய்ஸும் போடுங்கள்.

நாங்க அஞ்சு பேர். ஆர் அனுப்புறது? ஆளாளுக்குப் போட்டா அவருக்கு விளங்கும்தானே?

ஒருவர் மட்டும் அனுப்புங்கள். ஐந்து பேரும் தனித்தனியாகப் போட்டால் ஐந்து கதை போகும். ஒருவர் “ஞாயிறிலிருந்து” என்பார், இன்னொருவர் “ஒரு மாதமாக” என்பார், மூன்றாமவர் “கொஞ்சம் குளிருது” என்பார். வீட்டுக்காரர் தனக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்வார், அதில் பிழையும் இல்லை. யாருடைய பெயரில் வீடு எடுத்திருக்கிறதோ, யாருடைய கையால் வாடகை போகிறதோ அவரே எழுதட்டும்.

அனுப்புவதற்கு முன் உங்களுக்குள் மூன்று விஷயத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள்: பழுதான திகதி, என்ன கேட்கிறீர்கள், அவர் பாதிச் செலவைக் கேட்டால் என்ன பதில். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவர் கேட்ட பிறகு உங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கி இரண்டு கிழமை போய்விடும். இன்னொன்று, அடுத்த மாதம் வீட்டை விட்டுப் போகப் போகிறவர் ஒருவர் இருந்தால் அவரைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம். பதில் வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்.

வீடு எடுக்கேக்க எழுதின பேப்பர்ல பிரிட்ஜ் பற்றி ஒண்டுமே இல்ல. கேக்க உரிமை இருக்கா?

முதலில் அந்தப் பேப்பரை மறுபடி வாசியுங்கள். சிலவற்றில் கடைசிப் பக்கத்தில் கட்டில், மேசை, மின்விசிறி, பிரிட்ஜ் என்று சாமான் பட்டியல் இருக்கும். சிலவற்றில் “மின்சாதனத் திருத்த வேலை வாடகைக்காரர் பொறுப்பு” என்று ஒரு வரி இருக்கும். அப்படி ஒரு வரிக்குக் கையெழுத்து வைத்திருந்தால் உங்கள் கை கட்டப்பட்டுவிட்டது. அப்போது கேட்பது உரிமையாக அல்ல, வேண்டுகோளாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றுமே எழுதவில்லை என்றால், இலங்கையில் வாடகை விஷயத்தில் நிற்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான நிலை இதுதான்: வாடகைக்கு விட்டதைப் பாவிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது விட்டவரின் பொறுப்பு, கவனக்குறைவால் கெடுத்தால் அது பாவித்தவரின் பொறுப்பு. ஆகவே பிரிட்ஜும் வாடகைக்குள் அடங்கியது என்பதைக் காட்ட வேண்டியது நீங்கள். வீடு பார்க்க வந்த நாள் எடுத்த படம், “பிரிட்ஜ், காஸ் அடுப்போடு வீடு” என்று அவர் போட்ட விளம்பரம், “பிரிட்ஜ் இருக்கிறபடியால் இந்த வாடகை” என்று வட்ஸ்அப்பில் அவர் சொன்ன வரி, இவற்றில் ஒன்று போதும். முதல் மெசேஜிலேயே சட்டத்தை இழுக்காதீர்கள். “வீடு தரும்போது பிரிட்ஜோடு தந்தீர்கள் அங்கிள்” என்ற ஒரு வரியே அந்த வேலையைச் செய்யும்.

அவர் தன் வீட்டில் மிஞ்சியதை “வேணுமெண்டா பாவியுங்கோ” என்று பிறகு தந்தது என்றால் கதை வேறு. அது உதவிக்குத் தந்தது. மாற்றித் தரும் கடமை அவருக்கு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

ஐஸைக் கத்தியால குத்தி எடுத்தது எங்கட பெடியன்தான். அதைச் சொல்லவேணுமா?

சொல்லுங்கள். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், காரணமும் சொல்கிறேன். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஐஸ் பெட்டியின் சுவரே காஸ் ஓடும் அலுமினியத் தகடுதான். இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவில் காஸ் ஓடுகிறது. கத்தி முனை பட்டால் “ஸ்ஸ்” என்று சத்தம் வந்து காஸ் போய்விடும். அந்த ஓட்டை ஊசி முனை அளவு, சுற்றிலும் கீறல், தகடு உள்பக்கமாகப் பள்ளம் விழுந்திருக்கும். டோர்ச் அடித்துப் பார்க்கும் எந்த மெக்கானிக்குக்கும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் தன் ஆளைக் கொண்டு பார்த்தால் உங்கள் மெசேஜில் இருந்த மற்ற உண்மைகளும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு முற்பணம் திரும்பி வரும்போதும் பிரச்சினை.

அதற்காக முழுப் பிரிட்ஜின் விலையையும் நீங்கள் கட்ட வேண்டும் என்றில்லை. பன்னிரண்டு வருடம் ஓடிய பிரிட்ஜைக் கெடுத்தால், நட்டம் அந்தப் பழைய பிரிட்ஜின் இன்றைய பெறுமதி, புதிதின் விலை அல்ல. உதாரணமாக, பழைய சாமான் கடையில் அதைப் போன்ற ஓடும் பிரிட்ஜ் 40,000 ரூபாய் போகும், வீட்டுக்காரர் 1,00,000 ரூபாய்க்குப் புதிது எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 40,000க்கு மேல் போகக்கூடாது. ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 8,000. மெசேஜில் இப்படி எழுதலாம்: “ஐஸ் எடுக்கும்போது எங்கள் கையால் தகடு ஓட்டையாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். இதே மாதிரிப் பழைய பிரிட்ஜ் என்ன விலை போகிறதோ அந்த அளவை நாங்கள் தருகிறோம். மாற்றும் ஒழுங்கை நீங்கள் செய்து தர முடியுமா?” குத்தினவர் யார் என்பது உங்கள் வீட்டுக் கணக்கு, அதை மெசேஜில் எழுத வேண்டாம்.

அந்த “ஸ்ஸ்” சத்தம் கேட்ட உடனே செய்ய வேண்டியது: ஜன்னலைத் திறந்து, அடுப்புப் பற்றவைக்காமல், சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்துங்கள். இப்போது வரும் பிரிட்ஜ்களில் பலவற்றில் R600a என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும். அது தீப்பற்றும் காஸ். நிறுத்தாமல் விட்டால் கொம்பிரசர் அந்த ஓட்டை வழியாகக் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, தகட்டோடு முடிந்திருக்க வேண்டிய பழுதைக் கொம்பிரசர் வரை கொண்டுபோகும்.

“மாத்த ஏலாது, திருத்தித் தாறன்” எண்டு சொல்றார். ஒத்துக்கொள்ளவா?

பழுது இரண்டாவது கேள்வியில் சொன்ன திருத்தக்கூடிய வகை என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், அதுதான் நியாயம். உடம்புக்குள் கசிவு என்று எழுதி வாங்கியிருந்தும் அவர் திருத்தத்தான் நினைக்கிறார் என்றால் எதிர்க்க வேண்டாம், ஆனால் ஒரு வரியை முன்கூட்டியே போட்டு வையுங்கள்: “சரி அங்கிள், திருத்திப் பார்ப்போம். மூன்று மாதத்துக்குள் இதே பழுது திரும்பினால் மாற்றித் தருவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்.” அவர் “சரி” என்று ஒரு சொல் போட்டாலும் போதும். உள்ளே இருக்கும் குழாயைக் கைவிட்டு வெளியால் புதுக் குழாய் இழுக்கும் முறையும் உண்டு. தெரிந்த ஆள் செய்தால் நிலைக்கும். அவர் அனுப்பும் ஆள் அதைச் செய்யப் போகிறாரா, வெறும் காஸ் மட்டும் அடிக்கப் போகிறாரா என்று கேளுங்கள்.

பழைய பிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறார் என்றால், இறக்கிவிட்டு ஒரு மணித்தியாலமாவது நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு இரவு விடுங்கள், கொம்பிரசரின் எண்ணெய் தன் இடத்துக்கு வரட்டும். பிறகு வெறுமையாக ஓட விட்டு ஐஸ் பெட்டி முழுவதும் ஒரே மாதிரிப் பனி படிகிறதா என்று அடுத்த நாள் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் என்றால் அன்றே சொல்லுங்கள்.

நாங்களே ஒண்டு வாங்கிட்டு வாடகையில கழிச்சா என்ன?

அவருடைய சம்மதம் எழுத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். கழித்த பணம் அவருடைய பார்வையில் வாடகை பாக்கி. பிரிட்ஜ் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பாக்கி விழுந்ததும் பேச்சு அதைப் பற்றியதாக மாறிவிடும், வீட்டை விடச் சொல்லவும் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

அவரே சம்மதித்தால் நல்ல வழிதான், கையில் காசில்லாத வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்கும். எழுத வேண்டியது நாலு விஷயம்: விலை, மாதம் எவ்வளவு கழிப்பது, எந்த மாதம் முடிகிறது, கடைசியில் பிரிட்ஜ் யாருக்கு. 60,000 ரூபாய்க்கு வாங்கி மாதம் 10,000 கழித்தால் ஆறு மாதம். ஜூலையில் தொடங்கினால் டிசம்பரில் முடியும், அதன் பிறகு பிரிட்ஜ் வீட்டுக்காரருடையது. இடையில் நீங்கள் வீட்டை விட்டால் மிச்சத்தை அவர் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பற்றுச்சீட்டு வாங்கியவர் பெயரில் இருக்கட்டும், படம் ஐந்து பேரிடமும் இருக்கட்டும்.

வீட்டுக்காரர் கனடாவில. இங்க பாக்கிறது அவற்ற சொந்தக்காரர். ஆருக்கு எழுதுறது?

இருவருக்கும், ஒரே மெசேஜை. இங்கே உள்ளவரிடம் மட்டும் சொன்னால், அவர் காசு கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவார். அங்கே உள்ளவருக்கு மட்டும் எழுதினால் இங்கே உள்ளவர், “என்னைத் தாண்டிப் போய்ட்டாங்கள்” என்று மனம் நோவார், பிறகு பிரிட்ஜ் இறக்க ஆள் பிடிப்பதும் அவர்தான். முதலில் இங்கே உள்ளவரை நேரில் பார்த்து, “அண்ணா, அவருக்கும் ஒரு மெசேஜ் போடுறம், நீங்களும் ஒரு சொல் சொல்லுங்கோ” என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

டொரொன்டோ நமக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பின்னால். நீங்கள் இரவு ஏழு மணிக்கு அனுப்பினால் அவருக்குக் காலை. நீங்கள் காலையில் அனுப்பினால் அவர் வேலை முடிந்து களைத்துப் படுக்கப்போகும் நேரம், வாசித்துவிட்டு மறந்துபோவார். அவருக்கு இங்கத்தைய விலை தெரியாது. கடையில் கேட்ட இரண்டு விலையையும், ஏற்றி இறக்கும் கூலியையும் மெசேஜின் கடைசியில் சேர்த்துவிட்டால் திரும்பக் கேட்டு எழுத வேண்டிய வேலை அவருக்கு இல்லை.

வாசிச்சிட்டார், நீலக் கோடும் விழுந்திட்டு. பதிலே இல்ல.

மூன்று நாள் பொறுத்து, பழைய மெசேஜையே தொட்டுக்காட்டிப் பதிலாக ஒரு வரி போடுங்கள்: “அங்கிள், இதைப் பற்றி என்ன முடிவு எடுத்தீர்கள்?” முழுக்கதையையும் திரும்ப எழுத வேண்டாம். அதற்கும் இல்லையென்றால் வாடகை கொடுக்கும் நாளில் காசைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே கேளுங்கள். வாடகையைக் கையில் வாங்கிக்கொண்டு பிரிட்ஜ் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்ல அநேகமானவர்களால் முடியாது. பேசி முடிந்ததும் அன்று இரவே, “மாதக் கடைசிக்குள் பார்க்கிறேன் என்று இன்று சொன்னீர்கள், நன்றி” என்று எழுதிப் போடுங்கள்.

நீங்கள் போட்ட திகதியும் தாண்டி, சொன்ன வார்த்தையும் நிற்கவில்லை என்றால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. இந்தப் பக்கத்துக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் எங்கே, எந்த நாள் கூடுகிறது என்று சொல்வார்கள். சட்டத்தரணி தேவையில்லை, இரு தரப்பையும் இருத்திப் பேசி இணக்கம் காணப் பார்ப்பார்கள். நீங்கள் முதல் நாள் போட்ட இரண்டு வரியும், எழுதி வாங்கிய துண்டும் அங்கேதான் கைகொடுக்கும். ஒரு பிரிட்ஜுக்காக அங்கே போகிறவர்கள் குறைவு. போகும் முன் உங்கள் வீட்டு ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, அதன் பிறகும் அதே வீட்டில் இருக்க நினைக்கிறீர்களா என்பதை ஐந்து பேரும் இருந்து யோசியுங்கள்.

அதுவரைக்கும் மீன், பால், மருந்தெல்லாம் என்ன செய்யிறது? அதையும் மெசேஜில எழுதலாமா?

சாப்பாடு கெட்டது என்று எழுதலாம், ஆனால் நட்டஈடு கேட்காதீர்கள். ஐநூறு ரூபாய் மீனுக்காகப் பிரிட்ஜ் பேச்சு கெட வேண்டாம். பிரிட்ஜின் உள்ளே 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நின்ற பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணித்தியாலம் வரை தாங்கும். அதற்குப் பிறகு சமைத்த கறியையும் மீனையும் இறைச்சியையும் நம்ப வேண்டாம். திருகோணமலை வெயிலுக்கு மணம் வரும் முன்பே கெட்டிருக்கும். ரெஜிபோர்ம் பெட்டியும், மீன்காரர் வாங்கும் இடத்தில் உடைத்த ஐஸும் இருந்தால் ஒரு நாள் பாலையும் மீனையும் காப்பாற்றலாம், உருகிய தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்து வேறு விஷயம், அதைக் கட்டாயம் எழுதுங்கள். வீட்டில் யாராவது இன்சுலின் பாவித்தால் திறக்காத குப்பிகள் 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும். அவற்றை அன்றே பக்கத்து வீட்டுப் பிரிட்ஜிலோ மருந்து வாங்கும் பாமசியிலோ கேட்டு வையுங்கள். ஐஸுக்கு மேலே நேரடியாக வைத்து உறைய விட்டால் அந்தக் குப்பியும் வீண்தான். வீட்டுக்காரருக்கு முதல் நாள் போடும் இரண்டு வரியோடு, “எங்களில் ஒருவருக்குக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து இருக்கிறது” என்ற மூன்றாவது வரியையும் சேர்த்துவிடுங்கள். இந்த வரியைப் பார்த்த வீட்டுக்கார அன்ரி ஒருவர், புதுப் பிரிட்ஜ் வரும் வரை தன் வீட்டுப் பிரிட்ஜின் கதவுத் தட்டு ஒன்றை ஒதுக்கிக் கொடுத்து, வீட்டுச் சாவி ஒன்றையும் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.